கெமரா கிளப்பில் பேசச் சொன்னார்கள், நான் பிழைவிட்ட போட்டோவைப் பற்றிப் பேசினேன்

போன சனிக்கிழமை அசருக்குப் பிறகு எங்கள் ஊர் கெமரா கிளப் பொடியன்மார் நூலகத்தின் மேல்மாடியில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். பழைய போட்டோ எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது பற்றி 20 நிமிடம் கதைக்கச் சொன்னார்கள். கூட்டத்துக்கு வர முடியாத சிலர் எழுதிப் போடச் சொல்லிக் கேட்டதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

நான் புவியியல் படிப்பிக்கிறவன். ஊரில் யாருடைய வீட்டிலாவது பழைய போட்டோ ஒன்று கிடைத்தால் "சேரிடம் காட்டுங்க, இடத்தைச் சொல்லுவார்" என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தும் இருந்தது. அதனால்தான் சரியாகச் சொன்ன போட்டோக்களை விட்டுவிட்டு, பிழையாகச் சொன்ன ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் போட்டோவுக்குரிய மாமியிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கையளவு கலர் போட்டோ, ஓரம் மங்கிச் சிவந்திருக்கிறது. மாமியின் கணவர், 1991இல் மௌத்தானவர், லொறியில் கிளீனராக வேலை செய்தவர். சாரமும் வெள்ளை ஷேர்ட்டுமாக ஒரு பாலத்தின் வாசலில் நிற்கிறார். காலடியில் தார் ரோட்டுக்குள்ளேயே தண்டவாளம் ஓடுகிறது. இடது ஓரத்தில் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி தெரிகிறது. அவருக்குப் பின்னால் ஆறு. வலது ஓரத்தில், தூரத்தில், நீல நிறத்தில் ஒரு மலை. அடையாள அட்டைப் படத்தை விட்டால் அவருடையதாக வீட்டில் இருக்கும் ஒரேயொரு படம் இதுதான். "அவர் நிண்ட இடத்தில நானும் ஒருக்கா நிக்கணும் மனே" என்று மாமி கேட்டார்.

நான் 15 நிமிடத்தில் பதில் சொன்னேன்: ஓட்டமாவடிப் பாலம்.

எப்படிச் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள். ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போன காலம் எங்களுக்கு மறக்காது. கேட்டைப் பூட்டி ரயில் போகும்வரை பஸ்ஸில் காத்திருந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்த அப்படியான பாலம் ஓட்டமாவடி. பின்னால் மலை தெரிகிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தென்மேற்கே குடும்பிமலை இருக்கிறதே, அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்தேன். அந்தப் பாலத்தடியில் நின்றால் மலை இப்படித் தெரியுமா என்று போய்ப் பார்க்கவில்லை. மாமா எந்த ரோட்டில் வேலை செய்தார் என்றுகூடக் கேட்கவில்லை.

மகன் வேன் பிடித்து மாமியைக் கூட்டிக்கொண்டு போனார். மாமி அங்கே நின்று அழுதார், துஆ ஓதினார். அவர் பாலத்தடியில் நிற்கும் படத்தை மகன் எனக்கு அனுப்பினார். நான் சந்தோஷப்பட்டேன். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு தேத்தண்ணிக் கடையில் என் போனிலிருந்த அந்தப் பழைய படத்தை ஒரு காக்காவிடம் காட்டினேன். அவர் அந்தக் காலத்து லொறி ட்ரைவர். என் கெட்டித்தனத்தைச் சொல்லத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஓட்டமாவடி எண்டா ஆத்துக்குள்ள இவ்வளவு மணல் எங்கால வந்த சேர்?"

பார்த்தேன். மாமாவின் முழங்கைக்குப் பின்னால் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை. அதை நான் தண்ணீரில் வெயில் பட்ட பளபளப்பு என்று நினைத்திருந்தேன். அது மணல் திட்டு. ஓட்டமாவடியில் பாலத்துக்குக் கீழே இருப்பது களப்போடு சேர்ந்த உவர்நீர். கரையில் கண்ணா மரங்கள் நிற்கும். வெயில் காலத்தில் நடு ஆற்றில் அகலமாக மணல் மேடு போடுவது பெரிய நன்னீர் ஆறு. காக்கா அடுத்ததாகச் சொன்னார்: "இது மன்னம்பிட்டி. மகாவலி. அங்கயும் அப்ப ரயிலும் லொறியும் ஒரே பாலம்தானே."

மன்னம்பிட்டிப் பாலம் எனக்குத் தெரியாததல்ல. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் கடந்த பாலம். ஆனால் போட்டோவைப் பார்த்த நேரத்தில் அது என் மனதில் வரவில்லை. வீட்டுக்குக் கிட்ட இருந்தது முதலில் வந்தது, வந்ததும் கதவைப் பூட்டிவிட்டது. இரண்டு பாலத்துக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

இனி நான் வெட்கப்படும் பகுதி. காக்கா சொன்னதை நான் உடனே ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரைப் பிழை என்று காட்ட ஆதாரம் தேடினேன்.

போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் 7.86 என்று எழுதியிருந்தது. 1986 ஜூலை. மாமாவின் நிழல் கட்டையாக, கெமராவை விட்டு விலகிக் கொஞ்சம் வலப்பக்கமாக விழுந்திருந்தது. கட்டை நிழல் என்றால் உச்சி நேரத்துக்குக் கிட்ட. வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஒரு விதி இருக்கும்: நடுப்பகல் நிழல் வடக்கைக் காட்டும். அப்படியென்றால் கெமரா வடக்குப் பக்கம் பார்த்திருக்கிறது. மன்னம்பிட்டிப் பாலத்தில் நின்றால் பெரிதாகத் தெரியும் மலை திம்புலாகலை, அது தெற்கில் இருந்து தென்கிழக்குப் பக்கமாக இருக்கிறது. வடக்கில் அல்ல. "பாருங்க, காக்கா பிழை" என்று எனக்குள் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில் இரண்டு ஓட்டை இருந்தது.

முதலாவது, குடும்பிமலையும் ஓட்டமாவடிக்கு வடக்கில் இல்லை, தென்மேற்கில். அதே விதி என்னுடைய பதிலையும் வெட்டிவிட்டிருந்தது. அவருடைய பதிலுக்கு நேராகப் பிடித்த விளக்கை என்னுடைய பதிலுக்கு நேராக நான் பிடிக்கவேயில்லை.

இரண்டாவது, அந்த விதி எங்களுக்குரியதல்ல. அது ஐரோப்பா போல வடக்கே தூரத்தில் இருக்கும் நாடுகளுக்குரியது. அங்கே வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் தெற்கில் நிற்கும், நிழல் வடக்கே விழும். இலங்கை மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் வருகிறது என்று வானிலை அறிக்கையில் சொல்வார்களே, அதுதான் விஷயம். எங்கள் மாவட்டத்தில் ஏப்ரல் இரண்டாவது வாரமளவில் சூரியன் தலைக்கு நேராக வந்து வடக்கே கடந்து போகிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற நானே, கோபம் வந்த நேரத்தில் அதை மறந்துவிட்டேன்.

ஆகவே ஜூலை என்றால் எல்லாம் தலைகீழ். நிழல் தெற்குப் பக்கம். கெமராவும் தெற்குப் பக்கம் பார்த்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் திம்புலாகலையும் பொருந்தும், குடும்பிமலையும் பொருந்தும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டை நிழலை வைத்து இதற்கு மேல் நுணுக்கமாகத் திசை சொல்லக் கூடாது. சூரியன் உச்சிக்குக் கிட்ட நிற்கும்போது நிழலின் திசை வேகமாகச் சுற்றும். ஜூலையில் எங்கள் பக்கத்தில் நடுப்பகலுக்கு நேர் தெற்கே விழும் நிழல், ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் தென்மேற்கே விழுந்திருக்கும். எடுத்த நேரம் தெரியாமல் "தென்கிழக்கா தென்மேற்கா" என்று அந்த நிழலிடம் கேட்பதில் பிரயோசனமில்லை. நிழல் இந்த வழக்கைத் தீர்க்கவில்லை.

தீர்த்தது மலையும் பாலமும் நிற்கும் முறை. கிளப்பில் இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன், இங்கே சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு பாலங்களும் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகின்றன. படத்தில் பாலம் இடப்பக்கம், மலை வலப்பக்கம்.

ஓட்டமாவடியில் மலை தென்மேற்கில். பாலமும் மலையும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் நீங்கள் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். மேற்கே பார்ப்பவருக்குத் தெற்கு இடக்கைப் பக்கம். ஆகவே மலை பாலத்துக்கு இடப்பக்கம் வரும். படத்தில் வலப்பக்கம் இருக்கிறது. பொருந்தாது. மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் மலை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மன்னம்பிட்டியில், மேற்குக் கரையில், பாலத்துக்குத் தெற்குப் பக்கமாக நின்று தென்கிழக்கே பாருங்கள். பாலம் இடப்பக்கம், மலை வலப்பக்கம். படத்தில் இருப்பது போலவே.

எனக்குத் தப்ப ஒரு வழி மிச்சமிருந்தது. பழைய நெகட்டிவைப் புறம்மாற்றிப் போட்டுப் பிரதி எடுத்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அப்படி நடந்திருந்தால் ஓட்டமாவடி இன்னும் உயிரோடு இருக்கும். இதைச் சோதிப்பது லேசு. எழுத்தோ வாகன இலக்கமோ படத்தில் இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் உடுப்பைப் பாருங்கள். ஆண்களின் ஷேர்ட்டில் ஒற்றைப் பொக்கற் இருந்தால் அது வழமையாக இடது நெஞ்சில்தான் இருக்கும். மாமாவின் பொக்கற் இடது நெஞ்சில், அதற்குள் ஒரு பேனையும் இருக்கிறது. படம் திரும்பவில்லை. என் பதில் அங்கே முடிந்தது.

இந்த இடத்தில் கிளப்பில் ஒரு தம்பி கேட்டார்: "சேர், பெரிய பெரிய ஆக்களும் இப்படிப் பிழை விடுவாங்களா?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரொபேர்ட் கப்பா என்று ஹங்கேரியில் பிறந்த ஒரு போர்ப் புகைப்படக்காரர். ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தத்தில் அவர் எடுத்த ஒரு படம் உலகப் பிரசித்தம். ஒரு போராளி சரிவான மேட்டில் சுடப்பட்டு விழுகிறார், துப்பாக்கி கையை விட்டுப் போகிறது. 1936 செப்டெம்பரில் வூ என்ற பிரெஞ்சுச் சஞ்சிகையில் வந்தது. கோர்தோபா நகரத்துக்கு வடக்கே செர்ரோ முரியானோ என்ற இடத்தில், செப்டெம்பர் 5ஆம் திகதி எடுக்கப்பட்டது என்று பல பத்து வருடங்களாகப் புத்தகங்கள் எழுதின. கப்பா அன்று அந்தப் பக்கம் இருந்தார் என்பதும் தெரியும். அதனால் இடத்தை அதிகமானோர் கேள்வி கேட்கவில்லை.

அந்த இடத்தை வைத்து 1990களில் ஒரு பெயரும் கண்டுபிடித்தார்கள். அன்று செர்ரோ முரியானோவில் இறந்த, அல்கோய் ஊரைச் சேர்ந்த பெதெரிகோ பொர்ரெல் கார்சியா என்பவர்தான் அந்தப் போராளி என்றார்கள். இடம் சரியென்றால் பெயரும் சரியாக இருக்கலாம். கட்டிடம் முழுக்க ஒரே தூணில் நின்றது.

2009இல் ஹோசே மனுவெல் சுஸ்பெர்ரேகி என்ற ஸ்பானியப் பேராசிரியர் அந்தத் தூணைத் தட்டிப் பார்த்தார். பிரபலமான அந்தப் படத்தில் தூரத்து மலைகள் மங்கலாக, ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஆனால் அதே மேட்டில் அதே நேரத்தில் எடுத்த வேறு படங்களும் இருக்கின்றன. அவற்றில் பின்னாலுள்ள மலைத்தொடர் தெளிவாகத் தெரிகிறது. அந்த மலைக்கோடு செர்ரோ முரியானோவில் எங்கும் பொருந்தவில்லை. அவர் தானாக ஒரு ஊரைச் சொல்லிவிட்டு அதற்கு ஆதாரம் தேடப் போகவில்லை. அந்தப் பின்னணியைக் கோர்தோபாவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அனுப்பி, இது உங்கள் பக்கமா என்று கேட்டார். அப்படிக் கிடைத்த படத்தை ஒரு ஆசிரியர் தன் வகுப்பில் காட்டினார். ஒரு மாணவர் பார்த்துவிட்டு இது எஸ்பெஹோ என்றார். கோர்தோபாவுக்குத் தெற்குப் பக்கமாக உள்ள ஒரு சின்ன ஊர். செர்ரோ முரியானோவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். எனக்கும் அதே 50 என்பதால் இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கம்.

இடம் மாறியதும் பெயருக்கிருந்த ஆதாரம் ஆட்டம் கண்டது. செர்ரோ முரியானோவில் இறந்தவர் எஸ்பெஹோவில் எப்படி விழுந்தார்? இன்னொரு கேள்வியும் எழுந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் எஸ்பெஹோவில் சண்டை நடக்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அந்தப் போராளி உண்மையாகவே சுடப்பட்டாரா, அல்லது கெமராவுக்காக விழுந்து காட்டினாரா? அது இன்றும் வாதம்தான். இடம் கண்டுபிடித்தவர்களின் வேலை இங்கே நின்றுவிடுகிறது. மலைக்கோடு கெமரா எங்கே நின்றது என்று சொல்லும். அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று சொல்லாது. எங்கள் கிளப் தம்பிமாருக்கு நான் அழுத்திச் சொன்னதும் இதுதான். இடம் சரியாகக் கிடைத்த சந்தோஷத்தில் படத்தின் மற்றக் கதையையும் நாமே எழுதிவிடக் கூடாது.

இனி மன்னம்பிட்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அளவில் பிரதி எடுத்த போட்டோவோடு தனியாகப் போனேன். இப்போது வாகனங்களுக்குப் புதிய பாலம் இருக்கிறது, பழைய இரும்புப் பாலத்தில் ரயில் மட்டும் போகிறது. மேற்குக் கரையில் நின்று பார்த்தபோது மலையின் முதுகு படத்தில் இருந்த அதே கோட்டில் இருந்தது. ஒரு இறக்கம், பிறகு ஒரு தட்டையான நீளம். மரங்கள் மாறியிருக்கின்றன, ரோட்டு மாறியிருக்கிறது. மலைக்கோடு மாறவில்லை.

எங்கே நின்று எடுத்தார்கள் என்று கிட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. கட்டை விரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பாருங்கள். விரல் தூரத்துச் சுவரின் மேல் இடம் மாறும். அதே போல நான் இரண்டடி நகர்ந்தால் மலை அசையாது, கிட்ட இருக்கும் பாலத்தின் இரும்புத்தூண் மலையின் மேல் நகரும். படத்தில் தூணின் ஓரம் மலையின் எந்த இடத்தைத் தொடுகிறதோ, அதே இடத்தைத் தொடும்வரை நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். அது கிடைத்தால் கெமரா ஒரு கோட்டின் மேல் எங்கோ நின்றது என்று தெரியும். அந்தக் கோட்டில் முன்னாலா பின்னாலா என்று தெரிய இன்னொரு சோடி வேண்டும், கிட்ட ஒன்றும் தூரத்தில் ஒன்றும். இரண்டு கோடுகள் வெட்டும் இடம்தான் கெமரா நின்ற புள்ளி. எனக்கு இரண்டாவது சோடி கிடைக்கவில்லை. பழைய ரோட்டின் ஓரக்கல்லெல்லாம் போய்விட்டது. ஆகவே "இந்தக் கோட்டில், பத்துப் பதினைந்து எட்டுக்குள்" என்று மட்டும் போட்டோவின் பிரதியில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே யோசனை. மாமியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் அழுது துஆ ஓதி மனம் ஆறிவிட்டார். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஓட்டமாவடிப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து "வாப்பப்பா நிண்ட இடம்" என்று சொல்லும். அந்தப் பொய்க்கு நான்தான் கையெழுத்து.

மஃரிபுக்குப் பிறகு போய்ச் சொன்னேன். "மாமி, நான் அவசரப்பட்டுப் பிழையாச் சொல்லிட்டன். அது ஓட்டமாவடி இல்ல, மன்னம்பிட்டி." மகனின் முகம் மாறியது. மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அவரு பொலன்னறுவையில நெல்லு ஏத்தத்தானே மனே போறவரு. நீ கேட்டிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பேனே."

அடி அங்கேதான் விழுந்தது. மலையும் நிழலும் பொக்கற்றும் வைத்து நான் நாலு மாதத்துக்குப் பிறகு அடைந்த இடத்தை, ஒரு கேள்வி முதல் நாளே காட்டியிருக்கும்.

நான் போட்டோவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, திகதி மட்டும் சரி, 1986 ஜூலை என்றேன். மாமி சிரித்துவிட்டார்.

"அது திகதி இல்ல மனே. 786. எதுல எழுதினாலும் முதல்ல அதத்தான் போடுவாரு. லொறிக் கணக்குக் கொப்பியிலயும் அப்படித்தான்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் புள்ளி என்று நினைத்தது காகிதத்தில் இருந்த ஒரு கறை. பிஸ்மிக்காக எழுதும் அந்த எண்ணை எங்கள் ஊர்க் கடைப் பலகைகளிலும் லொறி நெற்றிகளிலும் தினமும் பார்க்கிறேன். போட்டோவின் பின்பக்கம் என்றதும் என் கண் அதைத் திகதியாகவே வாசித்துவிட்டது.

அப்படியென்றால் ஜூலை என்று வைத்து நான் நிழலைப் பற்றிச் சொன்னதெல்லாம் அடித்தளம் இல்லாத பேச்சு. வீட்டுக்கு வந்து முதலிலிருந்து சரிபார்த்தேன். மலையும் பாலமும் நிற்கும் முறைக்கு மாதம் தேவையில்லை, பொக்கற்றுக்கும் தேவையில்லை. ஆகவே இடம் நின்றது. இப்போது கணக்கு மறுபக்கமாக ஓடியது. இடம் தெரியும், கெமரா தென்கிழக்கே பார்த்தது தெரியும், நிழல் தெற்கே விழுந்திருக்கிறது. ஆகவே படம் எடுத்தது ஏப்ரல் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் ஒரு நாள். வருடத்தை மாமி சொன்னார். அந்தச் சாரம் இரண்டாவது மகன் பிறந்த வருடத்து நோன்புப் பெருநாளுக்கு எடுத்தது, 1984. ஆகவே அதற்கு முந்தியதல்ல. எந்த வருடம் என்று இன்னும் தெரியாது. பிரதியின் பின்னால் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இடம் உறுதி, மாதம் கிட்டத்தட்ட, வருடம் 1984 அல்லது அதற்குப் பின். மணலைக் கண்டவர் இன்ன காக்கா, எண்ணை வாசித்தவர் மாமி என்றும் எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு எழும்பி வரும்போது மாமியிடம் கேட்டேன், ஓட்டமாவடியில் ஓதிய துஆவை நினைத்து மனம் கவலையா என்று.

"துஆ போற இடத்துக்குப் போய்ச் சேரும். அதுக்குப் பாலம் தேவையில்ல" என்றார். "ஆனா என்ன மன்னம்பிட்டிக்கும் கூட்டிக்கொண்டு போகணும். இந்த முறை வேன் காசு நீதான் குடுக்கிற."

கொடுத்தேன். இப்போது அந்தச் சுவரில் இரண்டு படமும் தொங்குகின்றன. ஓட்டமாவடிப் படத்தைக் கழற்ற வேண்டாம் என்று மாமியே சொன்னார். அதற்குக் கீழே மகன் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார்: "சேர் பிழையாச் சொன்ன இடம்."